துழாவாமல் எழும் கணினி

வழக்கமான மெய்நிகர் கணினி எழும்போது நிறையவே துழாவுகிறது. பயாஸ் வட்டையும் திரையையும் தேடும். பூட்லோடர் கெர்னலை எடுத்துத் தரும். எந்தக் கணினியிலும் ஓடவேண்டிய கெர்னலோ, இல்லாத கருவிகளையும் கூப்பிட்டுப் பார்க்கும்.

அமேசான் 2018-இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கரில் பயாஸும் பூட்லோடரும் கிடையாது. சுருக்கப்படாத கெர்னலை அதுவே நினைவகத்தில் வைத்து, செயலியை நேராக அதன் தொடக்க முகவரிக்கு அனுப்பிவிடுகிறது. கருவிகளும் வலை, வட்டு என்று ஒரு சிலதான். இன்டெல் வகைக் கணினிகளில் விசைப்பலகைக் கட்டுப்படுத்தி ஒன்று உண்டு. தட்டச்சுக்கு அல்ல, கணினியை நிறுத்த! கெர்னலுக்கு `pci=off` என்று சொன்னால் பிசிஐ தடத்தைத் துழாவும் வேலையும் மிச்சம்.

தொடங்கு என்ற ஆணையிலிருந்து `/sbin/init` ஓடத் தொடங்கும் வரை 125 மில்லிவினாடிக்குள் என்பது அதன் கணக்கு. ஆனால் இது மெலிந்த கெர்னலோடு, சீரியல் கன்சோலை அணைத்து எடுத்த அளவு. கன்சோலில் செய்தி அச்சிடுவதே நேரத்தைத் தின்னும். நம் நிரல் எழும் நேரம் இதில் சேராது.

பொதுக் கெர்னலைப் போட்டால் வேகம் குறையும். எங்கே தேங்குகிறது என்று அறிய `dmesg` வரிகளின் நேரக்குறிகளைப் பாருங்கள். இரு வரிகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருந்தால், பெரும்பாலும் அங்கே கெர்னல் ஏதோவொரு கருவியின் பதிலுக்காகக் காத்திருக்கிறது.