வாசல் மணிக் குழாயில் வீடியோ ஒயர் வேண்டாம்

அடுக்ககத்தில் வீடியோ டோர் போன் வாங்குவோர் பலரும் வயர்லெஸ்ஸையே கேட்கிறார்கள். சுவரை உடைக்க வேண்டாமே! ஆனால் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபை சிக்னலைக் குறைத்துவிடும். மணி அடித்தபின் படம் வர நேரமானால், வந்தவர் போயிருப்பார். சொந்த வீடென்றால் ஒயர் வைத்ததே என் தேர்வு.

வாசல் மணிக்கு ஏற்கெனவே குழாய் இருக்கிறதே என்று எலக்ட்ரீஷியன் அதிலேயே ஒயரை நுழைக்கப் பார்ப்பார். சம்மதிக்காதீர்கள். நம் வீடுகளில் அந்த மணி ஒயரில் பெரும்பாலும் 230 வோல்ட் ஓடும். டோர் போனுக்கு வேண்டியது 12 வோல்ட் அளவிலான மின்சாரமே. இரண்டும் ஒரே குழாயில் போனால் படத்தில் கோடு ஓடும், பேச்சில் இரைச்சல் வரும். மின்கசிவு ஏற்பட்டால் வெளியே பொத்தானைத் தொடுபவருக்கே ஆபத்து.

பயன்படாத பழைய டெலிபோன் குழாய் வாசல்வரை வந்தால் அது போதும். உள்ளிருக்கும் ஒயரின் நுனியில் புதிய நான்கு கோர் கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெதுவாக இழுக்கலாம். பகலில் தெளிவான படம் இரவில் கேமரா விளக்கு எரிந்ததும் ஆடினால், தூரத்துக்கு ஒயர் மெலிதாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.