திகதியை எழுதும் குறியீடுகள்

பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனில், கடலோரமாக கார்ன்வாலிஸ் கோட்டை உள்ளது. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், இக்கோட்டை அமைந்துள்ள பகுதியில் பிரான்சிஸ் லைட் பிரிட்டனின் கொடியை ஏற்றி, தீவைத் தம் வசப்படுத்தினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள். ஆகவே, தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிடப்பட்டது.

இந்த நாளைச் சுருக்கமாக 11/08/1786 என்று எழுதலாம். மலேசியர் இதை ஆகஸ்டு 11 என்று படிப்பர். மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கரோ நவம்பர் 8 என்று படிப்பர். இரண்டுக்கும் இடையே 89 நாள் வேறுபாடு உண்டு. கிழமையையும் மாதத்தின் பெயரையும் எழுத்தில் தந்தால் இந்தக் குழப்பம் எழாது.

கணினி ஒரு திகதியை ஆண்டு, மாதம், நாள் என்னும் மூன்று எண்களாக வைத்திருக்கிறது. அந்த எண்களை மனிதர் படிக்கும் வடிவில் எழுத, பைத்தான் நிரல்மொழியில் strftime என்னும் கட்டளை உள்ளது. எந்தப் பகுதி எங்கே வரவேண்டும் என்பதைச் சதவீதக் குறியோடு சேர்ந்த ஓர் எழுத்து உணர்த்தும். %A கிழமையின் பெயர், %d நாள், %B மாதத்தின் பெயர், %Y நான்கு இலக்க ஆண்டு. காற்புள்ளி, இடைவெளி போன்ற மற்றவை எழுதியவாறே அச்சாகும்.

```python
from datetime import date
d = date(1786, 8, 11)
print(d.strftime("%A, %d %B %Y"))
```

இந்நிரலை இயக்கினால் திரையில் தோன்றுவது:

```
Friday, 11 August 1786
```

அன்று வெள்ளிக்கிழமை என்பதை நிரலில் யாரும் எழுதவில்லை. மூன்று எண்களைக் கொண்டு பைத்தானே அதைக் கணித்தது. மேற்கோள் குறிகளுக்குள் "%d/%m/%Y" என்று மாற்றினால், அதே நாள் 11/08/1786 என்று அச்சாகும். நாள் மாறுவதில்லை; அதன் தோற்றம் மட்டுமே மாறுகிறது.

இக்குறியீடுகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு பொருள் தரும். %m என்பது மாதத்தின் எண். %M என்பது நிமிடம். தவறுதலாக "%d/%M/%Y" என்று எழுதினால் 11/00/1786 என்று வரும். திகதியில் நிமிடம் இல்லாததால் பைத்தான் சுழியத்தை இடுகிறது. பிழை என்று எச்சரிப்பதில்லை. மாதம் இருக்கவேண்டிய இடத்தில் 00 தோன்றினால், இத்தவறு நேர்ந்துள்ளது என்று அறியலாம்.

நாளும் மாதமும் இடம் மாறிய பிழையோ எளிதில் கண்ணுக்குப் படாது. ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட நாள் 2008ஆம் ஆண்டு ஜூலை 7. இதை எப்படி மாற்றி எழுதினாலும் 07/07/2008 என்றே வரும். ஆகையால், நிரலைச் சோதிக்க 31.8.1957 போன்ற ஒரு நாளே ஏற்றது. 31ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால், இடம் மாறினால் உடனே தெரிந்துவிடும்.

பொதுவாக %A, %B ஆகியவை ஆங்கிலப் பெயர்களையே தரும். கணினியின் மொழி அமைப்பை மாற்றி வேறு மொழியிலும் பெறலாம். ஆனால், எல்லாக் கணினியிலும் தமிழ் அமைப்பு இருப்பதில்லை. எனவே, கிழமைப் பெயர்களை நாமே ஒரு பட்டியலாகத் தருவது நம்பகமான வழி.

```python
k = ["திங்கள்", "செவ்வாய்", "புதன்",
     "வியாழன்", "வெள்ளி", "சனி", "ஞாயிறு"]
print(k[d.weekday()] + "க்கிழமை")
```

weekday() திங்களை 0 என்று எண்ணத் தொடங்குகிறது; அதன்படி வெள்ளிக்கு 4 கிடைக்கிறது. பட்டியலிலும் 4ஆம் எண்ணில் இருப்பது வெள்ளி. ஆயினும் இந்நிரல் முழுமையானதன்று. வெள்ளியோடு "க்கிழமை" பொருந்தும். திங்களோடு சேர்த்தால் "திங்கள்க்கிழமை" என்று பிழையாக அச்சாகும். புணர்ச்சி விதிப்படி வரவேண்டியது திங்கட்கிழமை. இவ்விதியைக் கணினி அறியாது. ஆகவே, பட்டியலிலேயே திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை என்று முழுப்பெயர்களையும் எழுதி, பின்னால் ஒட்டிய "க்கிழமை"யை நீக்கிவிட வேண்டும்.

பட்டியலை ஞாயிற்றில் தொடங்கினால் எல்லாக் கிழமைகளும் ஒரு நாள் பின்தங்கிவிடும். லைட் கொடியேற்றிய நாள் வியாழக்கிழமை என்று அச்சாகும். கிழமை தெரிந்த ஒரு நாளைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். மலாயா சுதந்திரம் பெற்ற 31.8.1957 சனிக்கிழமை. நிரலும் சனிக்கிழமை என்று காட்டினால், பட்டியல் சரியான கிழமையில் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம்.