இருபத்துநாலு டிக்கெட், வாரத்துக்கு நாலு

வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கைக்கும் அவர்கள் காத்திருக்கும் நேரத்துக்கும் உள்ள எளிய உறவு எங்கே பொய்க்கிறது என்று காட்டிப் பாருங்கள்: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஃபிலிப் மோர்ஸ் 1958-ல் வெளியிட்ட புத்தகத்தில் வாசகர்களுக்கு இப்படிச் சவால் விட்டார். அவருடைய மாணவர் ஜான் லிட்டில் மறுபக்கம் போனார். அந்த உறவு ஏன் பொதுவாகச் செல்லும் என்று நிறுவி 1961-ல் கட்டுரை வெளியிட்டார்.

லிட்டில் விதி சொல்வது இதுதான்: கையில் கிடக்கும் வேலைகளின் சராசரியை, ஒரு வாரத்தில் முடிகிற வேலைகளின் சராசரியால் வகுத்தால், ஒரு வேலை முடிய எத்தனை வாரம் ஆகிறது என்ற சராசரி கிடைக்கும்.

ஐந்து பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவை வைத்துக் கணக்குப் போடலாம். தொடங்கியும் முடியாமல் எப்போதும் சுமார் 24 டிக்கெட்டுகள் போர்டில் இருக்கின்றன. வாரத்துக்கு நாலு முடிகிறது, புதிதாக நாலு தொடங்குகிறது. 24-ஐ நாலால் வகுத்தால் ஆறு வாரம்.

ஆனால் முடிந்த டிக்கெட்டுகளின் தேதிகளைக் கூட்டிப் பார்த்த மேலாளருக்குக் கிடைப்பதோ மூன்றரை வாரம். விதி தப்பா?

இல்லை. போர்டை உற்றுப் பார்த்தால் விஷயம் புரியும். பத்து டிக்கெட்டுகள் நகரவே இல்லை. சில சோதனைக்குக் காத்திருக்கின்றன, சில வாடிக்கையாளரின் பதிலுக்கு. அவசர வேலைகள் அவற்றைத் தாண்டிப் போய் முடிந்துகொண்டே இருக்கின்றன. உண்மையில் ஓடுபவை 14 தான். 14-ஐ நாலால் வகுத்தால் அதே மூன்றரை. முடிந்ததை மட்டும் அளந்தால், முடியாதவற்றின் வயது கணக்கிலேயே வராது. இந்த விதியின் ஆகப் பெரிய பயன் இங்கேதான் என்று சொல்லலாம்: இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால், எதுவோ தேங்கிக் கிடக்கிறது என்று பொருள்.

குழு என்ன செய்யலாம்? போர்டில் 12-க்குக் கீழே குறையும்வரை புதிதாக எதையும் தொடங்காமல், தேங்கியதை முடிக்கலாம். யாருக்கும் வேண்டாதவற்றைத் தூக்கிவிடலாம். அந்த இடைக்காலத்தில் வருவதும் போவதும் சமமாக இருக்காது என்பதால் கணக்கு பொருந்தாது. எண்ணிக்கை 12-ல் நிலைத்து, வாரத்துக்கு நாலு முடிவதும் தொடர்ந்தால், ஒரு வேலைக்கு மூன்று வாரம் போதும்.

தொடர்ந்தால் என்பதைக் கவனிக்க வேண்டும். விதி அதற்கு உத்தரவாதம் தருவதில்லை. ஐந்து பேருக்கு மூன்றே டிக்கெட் என்று இறுக்கினால் சிலர் கைகட்டி நிற்பார்கள், வாரக் கணக்கும் நாலிலிருந்து சரியலாம். அதனால் அனுபவம் உள்ளவர்கள் வரம்பை ஒவ்வொன்றாகக் குறைத்து, வாரந்தோறும் முடியும் எண்ணிக்கை எங்கே இறங்கத் தொடங்குகிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலேயே நிறுத்திக்கொள்கிறார்கள்.