கல்லாவுக்கு உள்பக்கம் தொங்க வேண்டிய பலகை

‘கடன் அன்பை முறிக்கும்.’ ‘இன்று ரொக்கம், நாளை கடன்.’ தமிழ்நாட்டில் மளிகைக்கடை வாசலில் நின்ற யாரும் இந்த இரண்டு வாசகங்களையும் தப்பவிட்டிருக்க மாட்டார்கள். சாமி படத்துக்குக் கீழே, ஊதுபத்திப் புகை படிந்து, எழுத்து மங்கிப்போய்த் தொங்கும். அதற்கு நேர் கீழே கடைக்காரர் பற்று நோட்டைப் புரட்டி, ‘அண்ணாச்சி, எழுதிக்கங்க’ என்று சொல்லும் வாடிக்கையாளரின் பெயரில் அரைக் கிலோ துவரம்பருப்பைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

இதை வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. மாதக் கணக்கு வைக்கும் குடும்பம்தான் கடைக்கு நிலையான வியாபாரம் தருகிறது. அதை அறவே நிறுத்தினால் அந்தக் குடும்பம் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடும். ஆகவே பலகை ஒன்று சொல்கிறது, நோட்டு வேறொன்று செய்கிறது. ஆனால் வராத கடனின் உண்மையான விலையை அந்தப் பலகை சொல்வதில்லை.

நூறு ரூபாய்க்கு விற்றால் பத்து ரூபாய் நிற்கிற கடை என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ரூபாய்ச் சரக்கு கடனில் போய்த் திரும்பவில்லை என்றால், கடைக்காரர் கையை விட்டுப் போனது 900 ரூபாய் முதல். அதை மீட்க இன்னும் 9,000 ரூபாய்க்கு வியாபாரம் நடக்க வேண்டும். அத்தனையும் அந்த ஒரு ஓட்டையை அடைக்கவே போகும். ‘வராத ஆயிரத்துக்கு ஒன்பதாயிரம் விற்கணும்’ என்று எழுதி வைத்தால், எழுதிக்கொடுக்கும் கை கொஞ்சம் தயங்கும். வாடிக்கையாளருக்கோ, அன்பு முறிவதைப் பற்றிய எச்சரிக்கையைவிட ‘கணக்கு 5ஆம் தேதிக்குள் முடிக்கவும்’ என்ற வரியே போதும். அதில் மனம் நோகவும் ஒன்றுமில்லை.

அப்படியானால் கடைக்கு இரண்டு பலகை வேண்டும். ஒன்று தெருவைப் பார்த்து, இன்னொன்று கடைக்காரரைப் பார்த்து. சிக்கனம் பற்றிய வாசகங்கள் இந்த இரண்டாவது பலகைக்கு உரியவை. பெரும்பாலான கடைகளில் அது இருப்பதே இல்லை.

தராசுக்கு மேலே இருந்து தொடங்கலாம். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சீரகம் கிலோ 360 ரூபாய்க்கு வாங்கி 400க்கு விற்கிறார் ஒருவர். நூறு கிராமில் அவருக்கு நிற்பது நான்கு ரூபாய். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்று ஐந்து கிராம் சேர்த்துவிட்டால், ஒரு ரூபாய் எண்பது காசுச் சரக்கு இலவசமாகப் போகிறது. லாபத்தில் கிட்டத்தட்டப் பாதி! அரிசியில் ஐந்து கிராம் ஒன்றும் செய்யாது. ஏலம், மிளகு, சீரகம் போன்றவற்றில்தான் கை தாராளமானால் கடை இளைக்கும். இதன் மறுபக்கமும் உண்டு: எடை குறையவும் கூடாது. மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறை முத்திரையிடச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. அளந்து போடு என்பதற்குச் சரியாகப் போடு என்பதே பொருள், குறைத்துப் போடு என்பதல்ல.

நெல் அளக்கும் களத்தில் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கும் வழக்கம் தமிழர்களுக்கு உண்டு. மங்கலச் சொல் என்பார்கள். தராசு வைத்திருப்பவருக்கு அது வெறும் சடங்காகத் தோன்றாது.

அடுத்த இடம் கல்லா. சின்னக் கடைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், அதுவும் வெளியாளிடம் அல்ல. காலையில் வீட்டுக்கு இரண்டு பால் பாக்கெட், மதியம் அரை லிட்டர் எண்ணெய், சாயங்காலம் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட். எல்லாம் நம் கடைதானே! நாளொன்றுக்கு 150 ரூபாய் என்றால் மாதம் 4,500. ஒரு நாள் விற்பனை 8,000 ரூபாய் உள்ள கடையில், அதே பத்து சதவீதக் கணக்கில், கிடைப்பது 800. அதில் வாடகை, கரன்ட் பில், பையன் சம்பளம் எல்லாம் போக வேண்டும். மாதக் கடைசியில் ‘வியாபாரம் நல்லாத்தான் ஓடுது, காசுதான் நிக்கல’ என்ற புலம்பலுக்குப் பல சமயம் இந்த 150 ரூபாயே காரணம்.

‘வீட்டுக்கு எடுத்தாலும் நோட்டில் எழுது’ என்பதே கல்லாவுக்கு மேல் இருக்க வேண்டிய வாசகம். எடுக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. கடைக்காரர் தனக்கென்று ஒரு சம்பளம் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போன சரக்கை அதில் கழித்துக்கொண்டால், கடை தேறுகிறதா என்பது தெளிவாகத் தெரியும். ராத்திரி கதவடைக்கும்முன் ஒரு கூட்டல் போதும்: காலையில் வைத்த சில்லறை, அதோடு அன்றைய விற்பனை, அதில் கொடுத்தது கழித்தால், மிச்சம் கல்லாவில் இருக்க வேண்டும். இப்போது பாதி வரவு கியூஆர் அட்டை வழியாக வங்கிக்குப் போய்விடுகிறது. அந்தக் கணக்கிலிருந்தே வீட்டு கேஸ் சிலிண்டருக்கும் பணம் போனால், கூட்டல் ஒருநாளும் சரிவராது. கடைக்கென்று தனிக் கணக்கு இல்லாதவருக்கு எந்தப் பழமொழியும் உதவாது.

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்று எழுதாத சேமிப்பு விளம்பரம் இல்லை. ஆனால் அந்த வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். தண்டல் எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. முன்னதாகவே 1,500 பிடித்துக்கொண்டு கையில் தருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு நாளைக்கு 1,500தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகப் பாதிப் பணம்தான் நம்மிடம் இருக்கிறது. ஆண்டு வட்டியாகப் போட்டால் நூற்றுக்கு நூறைத் தாண்டும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒன்று என்று வருடத்தில் மூன்று முறை எடுத்தால் 4,500 ரூபாய் வட்டியாகவே போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, தினம் நூறு ரூபாய் எடுத்துவைக்க அந்தக் கடைக்காரரால் முடிகிறது என்பதுதான். தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பதால் முடிகிறது. இதைப் புரிந்துகொண்டு 1928இலேயே ஒரு வங்கி செயல்பட்டது. உடுப்பியில் டி.எம்.ஏ. பை முதலானோர் தொடங்கிய, பிற்காலத்தில் சிண்டிகேட் வங்கி என்று பெயர்பெற்ற நிறுவனம், ‘பிக்மி’ என்ற திட்டத்தில் வாடிக்கையாளரின் வாசலுக்கே ஆள் அனுப்பித் தினமும் இரண்டணாகூட வசூலித்தது. தண்டல்காரர் வருவதுபோலவே ஆள் வந்தார். பணம் மட்டும் எதிர்த்திசையில் போனது.

எனவே மூன்றாவது வாசகம், ‘தண்டல் முடிந்தாலும் நூறு நிற்காது’. நூற்றொன்றாம் நாளிலிருந்து அதே நூறு ரூபாய் தனியாக ஒரு டப்பாவுக்கோ சேமிப்புக் கணக்கிற்கோ போக வேண்டும். அடுத்த நூறு நாளில் பத்தாயிரம் சேர்ந்துவிடும், பிடித்தம் எதுவும் இல்லாமல். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடர் வைப்பு தொடங்கலாம். ஆனால் அது ஐந்தாண்டுத் திட்டம், மூன்றாண்டுக்கு முன் முடிக்க விதி இடம் தருவதில்லை. பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, கட்டியதில் பாதிவரை கடனாக வாங்கலாம். பிள்ளைகள் படிப்புக்கு அது ஏற்றது. தீபாவளிச் சரக்கு எடுக்க வேண்டிய பணத்தை அதில் போட்டுவிட்டால், ஐப்பசியில் மறுபடியும் தண்டல்காரருக்குப் போன் போட வேண்டிவரும்.