மூன்று ஆட்டோ, ஒரு நோட்டு

சென்னையில் சொந்த ஆட்டோவை வாடகைக்கு விடுகிறவர்களுக்குத் தினக்கணக்கு பெரிய தலைவலி இல்லை. மாலையில் டிரைவர் வாடகையைக் கையில் கொடுத்துவிட்டால் அன்றைய பாடு முடிந்தது. பங்குக்கு ஓடும் வண்டியில் கதை அப்படியல்ல. வசூல் எவ்வளவு, கேஸ் எவ்வளவு, மீதியில் யாருக்கு எவ்வளவு என்று தினமும் பார்த்தாக வேண்டும்.

வடபழனிப் பக்கம் மூன்று ஆட்டோ வைத்திருக்கும் ஓனர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேஸும் பார்க்கிங்கும் போக மிஞ்சுவதில் டிரைவருக்கு நூற்றுக்கு 60, ஓனருக்கு 40 என்பது பேச்சு. டிரைவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் மீட்டரில் ஓடும் கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு சவாரிக்கும் ஏற்றிய இடம், இறக்கிய இடம், தூரம், தொகை, ரொக்கமா ஜிபேயா என்று ஒரு வரி எழுத வேண்டும். கேஸ் பில்லைப் பத்திரப்படுத்த வேண்டும்.

முதல் வண்டியின் ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். காலையில் 48,212 கிலோமீட்டர், இரவில் 48,341. ஆக ஓடியது 129. சவாரி 14, ஆள் ஏற்றி ஓடியது 78 கிலோமீட்டர், காலியாக ஓடியது 51. ரொக்கம் 1,140 ரூபாய், வண்டியில் ஒட்டியிருக்கும் ஓனரின் ஜிபே ஸ்டிக்கருக்குப் போனது 720. மொத்த வசூல் 1,860. கேஸ் 400, பார்க்கிங் 30.

“அண்ணே, கையில எழுநூத்திப் பத்துதான் இருக்கு” என்கிறார் டிரைவர். கேட்டதும் ஓனருக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் கணக்கு சரி. செலவு 430 போக மீதி 1,430. அதில் டிரைவர் பங்கு 858, ஓனர் பங்கு 572. ஓனருக்கு ஜிபேயில் 720 ஏற்கெனவே வந்துவிட்டது. ஆக, அன்றைக்கு டிரைவர் எதுவும் தர வேண்டியதில்லை. ஓனர்தான் அவருக்கு 148 ரூபாய் தர வேண்டும். கையில் இருப்பதை மட்டும் எண்ணிப் பார்க்கிற ஓனர்களுக்கும் டிரைவர்களுக்கும் வருகிற சண்டையில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

எழுதிய தொகை உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. அந்தக் கணக்கில் மேலே சொன்ன 14 சவாரிக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்தான் வரும். பேரம் பேசி ஓடுகிற ஊரில் தூரத்தை வைத்து வசூலைப் பிடிக்க முடியாது. ஆனால் தூரம் மறையாது. நேற்றிரவு 48,341 என்று முடிந்த வண்டி இன்று காலை 48,356 என்று தொடங்கினால், நடுவில் ஓடிய 15 கிலோமீட்டர் யாருடையது என்று கேட்கலாம். டிரைவர் வீட்டுக்குப் போய்வந்ததாக இருக்கலாம். எழுதாமல் விட்ட சவாரியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது வண்டி அதே நாளில் 1,950 ரூபாய் வசூலித்தது. முதல் வண்டியைவிட 90 ரூபாய் அதிகம், சபாஷ் என்று தோன்றும். அந்த வண்டி ஓடியதோ 171 கிலோமீட்டர், கேஸ் 530. கேஸ் போக நின்றது 1,420. முதல் வண்டிக்கு 1,460. காரணம் நோட்டிலேயே இருக்கிறது. தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நல்ல தொகைக்குச் சவாரி போனவர், இரண்டு முறையும் காலியாகத் திரும்பினார். முதல் வண்டி கோடம்பாக்கம், தி.நகர் என்று பக்கத்திலேயே சுற்றியது.

கேஸ் கணக்கை மட்டும் ஒரு நாளில் முடிவு செய்யக்கூடாது. இன்று டேங்கை நிரப்பியவருக்குச் செலவு கூடும், நாளை நிரப்பாதவருக்குக் குறையும். தினமும் வண்டியை விடும் முன் டேங்கை நிரப்பச் சொல்வது ஒரு வழி. முடியாவிட்டால் வாரக் கணக்கைப் பார்ப்பது நல்லது. நள்ளிரவைத் தாண்டிய சவாரி எந்தத் தேதியில் சேரும் என்பதையும் முன்பே பேசிவிட வேண்டும். அதிகாலை 5 மணி முதல் மறுநாள் 5 மணி வரை ஒரு நாள் என்று வைத்தால் இரவு ஓட்டம் இரண்டாக உடையாது. ஆப் மூலம் வரும் சவாரியில் பயணி கொடுத்ததை வசூலாகவும், ஆப்புக்குக் கட்டியதைச் செலவாகவும் தனித்தனியே எழுத வேண்டும்.

ஓனரின் 572 ரூபாயில் வண்டித் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எல்லாம் இன்னும் கழிக்கப்படவில்லை. அவற்றைத் தினக்கணக்கில் திணிக்க வேண்டாம். மாதக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். புதிதாக நோட்டுப் போடுகிறவர்கள் முதல் வாரம் காலி ஓட்டத்தை மட்டும் கவனித்தால் போதும். அது மொத்த ஓட்டத்தில் பாதியைத் தாண்டிக்கொண்டே இருந்தால், டிரைவரைத் திட்டுவதற்கு முன் வண்டி நிற்கும் ஸ்டாண்டையும் ஓடும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள்.