திரையில் தெரியும் 7 நானோ செகண்ட் யாருடையது?

ஒரு மைக்ரோகன்ட்ரோலரின் பின் 0 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 2 நானோ செகண்டில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய சிப்களுக்கு இது சாதாரண வேகம். அதையே 50 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் ஏற்ற நேரம், அதாவது ரைஸ் டைம், ஏறக்குறைய 7.3 நானோ செகண்ட் என்று வரும். அலையும் வழவழப்பாக, பார்க்க அழகாகவே இருக்கும். ஸ்கோப்பில் பழுது எதுவும் இல்லை. அதன் வேகம் அவ்வளவுதான்.

முகப்பில் அச்சிட்டிருக்கும் 50 மெகாஹெர்ட்ஸ் என்பதைப் பலரும் ‘அதுவரை எல்லாம் சரியாகத் தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது, திரையில் தெரியும் உயரம் சுமார் 70 சதவீதமாகக் குறைந்துவிட்ட இடம். 1 வோல்ட் சைன் அலை அங்கே 0.7 வோல்ட்டாகத்தான் தெரியும். செங்குத்தாக ஏறும் விளிம்பு ஒன்றில் ஏராளமான உயர் அதிர்வெண்கள் கலந்திருக்கின்றன. ஸ்கோப் அவற்றை வடிகட்டிவிட்டால் விளிம்பு சாய்ந்துவிடும்.

எவ்வளவு சாயும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ரைஸ் டைம் என்பது அலை 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்கு ஏற எடுக்கும் நேரம். ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டியில் அது, அவற்றின் பெருக்குத்தொகையைப் போல 2.2 மடங்கு. அதே வடிகட்டியின் பேண்ட்வித்தோ, 1-ஐ அந்தப் பெருக்குத்தொகையாலும் 6.28-ஆலும் வகுத்தால் வருவது. இரண்டையும் பெருக்கினால் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அடிபட்டுப்போய் 0.35 மட்டும் மிஞ்சும். ஆகவே 350-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த ரைஸ் டைம் நானோ செகண்டில் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸ் என்றால் 7, 100 என்றால் 3.5. அதிவேக டிஜிட்டல் ஸ்கோப்கள் சிலவற்றின் வடிகட்டி வேறு மாதிரி என்பதால் அங்கே 0.35-க்குப் பதில் 0.4, 0.45 என்றும் வரும்.

திரையில் நாம் பார்ப்பது சிக்னலின் நேரமும் ஸ்கோப்பின் நேரமும் கலந்தது. இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். 2-இன் வர்க்கம் 4, 7-இன் வர்க்கம் 49. கூட்டினால் 53, அதன் வர்க்கமூலம் 7.3. சிக்னல் 1 நானோ செகண்டில் ஏறினால் விடை 7.1. வேகம் இரட்டிப்பாகியும் திரையில் மாற்றம் தெரியவே தெரியாது.

அப்படியானால் கணக்கைத் திருப்பிப் போட்டு உண்மையைக் கண்டுபிடிக்கலாமே? காகிதத்தில் முடியும். ஆனால் 7.3 என்பதை 7.4 என்று படித்துவிட்டால் விடை 2.4 ஆகிவிடும், 7.1 என்று படித்தால் 1.2. எலுமிச்சம்பழத்தை லாரியில் வைத்து எடைமேடையில் ஏற்றி, பிறகு லாரியின் எடையைக் கழிப்பது போன்ற வேலை இது. ஸ்கோப் சிக்னலைவிட மூன்று மடங்கு வேகமாக இருந்தால் பிழை சுமார் 5 சதவீதம்தான். 2 நானோ செகண்ட் விளிம்புக்கு 500 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் இருந்தால் கவலையில்லை.

‘என் க்ளாக் வெறும் 1 மெகாஹெர்ட்ஸ்தானே’ என்று நினைப்பதுதான் பெரிய பொறி. க்ளாக் மெதுவானது என்பதால் அதன் விளிம்பும் மெதுவாக ஏறும் என்று இல்லை. விளிம்பு 7 நானோ செகண்ட் என்று நம்பி, 20 செ.மீ. நீளமுள்ள ட்ராக்கின் முனையில் டெர்மினேஷன் வைக்காமல் விடுகிறோம். உண்மையான 2 நானோ செகண்ட் விளிம்பு அங்கே எதிரொலித்து அலைபாயும். அந்த அலைபாய்தலையும் அதே ஸ்கோப் மழுங்கடித்துவிடும். போர்டு அவ்வப்போது தவறும்; திரை மட்டும் சுத்தமாக இருக்கும். 3.3 வோல்ட்டில் 2 நானோ செகண்ட் மட்டுமே நீடிக்கும் ஒரு க்ளிட்ச் இந்த ஸ்கோப்பில் பாதி உயரத்துக்குத்தான் தெரியும். யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

சந்தேகம் வந்தால், மிக வேகமான விளிம்பு ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஜிம் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற அனலாக் பொறியாளர், 2N2369 ட்ரான்சிஸ்டரை அவலாஞ்ச் முறையில் இயக்கி 350 பிக்கோ செகண்ட் அளவில் ஏறும் பல்ஸை உண்டாக்கும் சர்க்யூட்டை எழுதி வைத்திருக்கிறார். அதை 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் பார்த்தால் திரையில் தெரியும் 7 முழுக்க ஸ்கோப்புடையது.

ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் இரண்டைப் பார்த்துவிடுங்கள். ப்ரோப்பின் சுவிட்ச் 1X-இல் இருந்தால் பேண்ட்வித் பெரும்பாலும் 10 மெகாஹெர்ட்ஸுக்குள் சுருங்கிவிடும். மெனுவில் 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் போட்டபடியே இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பும் 17.5 நானோ செகண்டுக்குக் குறைவாகக் காட்டாது.