பன்னிரண்டரை மணிக்குச் சோர்ந்துபோகும் அடுப்பு

காலை 6 மணிக்கு தோசைக்கல்லின் அடியில் நீலத் தீ நிமிர்ந்து நிற்கும். அதே அடுப்பு மதியம் பன்னிரண்டரைக்கு, சாம்பார் அண்டாவும் சோற்று அண்டாவும் இட்லி ஸ்டீமரும் சைனீஸ் ரேஞ்சும் ஒன்றாக எரியும் நேரத்தில், சோர்ந்துவிடும். தோசை முறுகாது. மாஸ்டர் சிலிண்டர்காரரைத் திட்டுவார். முதலாளி பர்னரைக் கழற்றிக் கழுவச் சொல்வார். பல ஹோட்டல்களில் கோளாறு இந்த இரண்டு இடத்திலும் இருக்காது. கொல்லைப்புறத்து கேஸ் ரூமிலிருந்து சமையலறைக்கு வரும் பைப்பின் விட்டத்தில் இருக்கும்.

சிலிண்டருக்குள் எல்.பி.ஜி. வெயிலைப் பொறுத்துப் பல கிலோ அழுத்தத்தில் இருக்கிறது. வீட்டு அடுப்புக்கும், லோ பிரஷர் வகை ஹோட்டல் அடுப்புக்கும் தேவைப்படுவதோ மிகக் குறைவு: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையை கேஸ் லைனில் இணைத்தால், இரண்டு பக்க நீர்மட்டங்களுக்கும் இடையே 30 செ.மீ. வித்தியாசம் தெரியும். அவ்வளவுதான் மொத்தக் கையிருப்பு. பைப்பின் உட்சுவரில் உரசியும், எல்போக்களில் திரும்பியும், வால்வுகளைக் கடந்தும் கேஸ் வரும்போது வழியில் இழப்பதெல்லாம் இந்த 30 செ.மீ.யிலிருந்துதான் கழியும். நல்ல அமைப்பில் இழப்பு இதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 3 செ.மீ.யை, ஒட்டி நிற்க வேண்டும்.

ஒரு நடுத்தர ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். இரண்டு பெரிய அண்டா அடுப்புகள் மணிக்கு ஒன்றரை கிலோ வீதம் 3 கிலோ கேஸ் குடிக்கின்றன. சைனீஸ் ரேஞ்சின் இரண்டு பர்னர்களுக்கு 2 கிலோ, தோசைக்கல்லுக்கு 1, இட்லி ஸ்டீமருக்கு 1, வடைச் சட்டிக்கும் காபி அடுப்புக்கும் சேர்த்து இன்னொரு கிலோ. மொத்தம் மணிக்கு 8 கிலோ. எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியாது என்று இதில் தள்ளுபடி செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. குடியிருப்புகளுக்கு அது சரி. மதியச் சாப்பாட்டு நேரத்து ஹோட்டலுக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது.

கேஸ் ரூமிலிருந்து அடுப்பு வரிசை வரை 30 மீட்டர் பைப். வழியில் வரும் எல்போ, டீ, வால்வு ஒவ்வொன்றும் கூடுதலாகச் சில அடி நேர் பைப் போட்டதற்குச் சமமான தடையைத் தரும். அவற்றுக்காக 6 மீட்டர் சேர்த்தால் கணக்கில் கொள்ள வேண்டிய நீளம் 36 மீட்டர். கேஸ் துறையில் நெடுங்காலமாகப் பயன்படும் போல் சூத்திரத்தில் இந்த எண்களைப் போட்டால் வரும் விடை வியப்பூட்டும். ஒரு இஞ்ச் பைப்பில் இழப்பு ஏறக்குறைய 1 செ.மீ. முக்கால் இஞ்சில் 3.3 செ.மீ. அரை இஞ்சில் 15 செ.மீ.!

பார்வைக்கு அரை இஞ்சுக்கும் முக்கால் இஞ்சுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுகிறது. அரை இஞ்ச் பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ., முக்கால் இஞ்சுக்குச் சுமார் 22 மி.மீ. அந்தச் சின்ன இடைவெளியே இழப்பை நாலரை மடங்கு கூட்டிவிடுகிறது. ஓட்டம் கூடினாலும் இழப்பு வேகமாக ஏறும். தீபாவளிக்கு மணிக்கு 2 கிலோ குடிக்கும் ஓர் அடுப்பைப் புதிதாகச் சேர்த்தால் கேஸ் தேவை கால் பங்குதான் கூடுகிறது. பைப்பில் இழப்போ பாதிக்கு மேல் கூடிவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்த லைன் பத்து வருடத்தில் கெட்டுப்போவதற்குத் துருவை விட, ஒவ்வொன்றாகச் சேர்ந்த அடுப்புகளே பெரும்பாலும் காரணம்.

அரை இஞ்ச் போட்ட ஹோட்டலில் மதியம் என்ன நடக்கும்? அழுத்தம் குறையும்போது பர்னர் இழுக்கும் கேஸும் குறைவதால், எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சமநிலைக்கு வரும். நம் கணக்கில் அடுப்படியில் அழுத்தம் 20 செ.மீ.யில் நிற்கிறது. 8 கிலோ எரிய வேண்டிய இடத்தில் ஆறரை கிலோதான் எரிகிறது. எந்த அடுப்பும் அணையாது. எல்லாமே ஐந்தில் ஒரு பங்கு சூடு குறைந்து, சோம்பலாக எரியும். காலையில் தோசைக்கல் மட்டும் எரியும்போது இழப்பு அற்பம் என்பதால் அப்போது குறையே தெரியாது. ஆள் வந்து பார்ப்பதும் பெரும்பாலும் கூட்டமில்லாத அந்தக் காலை நேரத்தில்தான்.

குற்றவாளி பைப்தானா என்று கண்டுபிடிக்க அந்த யு குழாயே போதும். எல்லா அடுப்பும் எரியும்போது இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். ரெகுலேட்டரை விட்டு வெளியே வந்தவுடன் 30, அடுப்படியில் 20 என்றால் பைப் குறுகல். ரெகுலேட்டர் வாயிலேயே குறைந்தால் ரெகுலேட்டரின் திறன் போதவில்லை, அல்லது அதற்கு வந்து சேரும் கேஸே பற்றவில்லை. ஒரு மணி நேரத்தில் அளவு மெல்லமெல்ல இறங்கி, சிலிண்டரின் வெளிப்புறம் கீழ்ப்பாதியில் வேர்த்தோ பனி படர்ந்தோ இருந்தால், சிலிண்டர்களின் எண்ணிக்கை போதாது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாக, சுற்றுப்புறத்திலிருந்து சூட்டை இழுக்க வேண்டும். ஒரு 19 கிலோ சிலிண்டரிடம் அளவுக்கு மீறிக் கேட்டால் அது குளிர்ந்து, ஆவி கொடுப்பதைக் குறைத்துவிடும்.

பைப் குறுகல் என்று தெரிந்ததும் கைக்கு எளிதாக வரும் வைத்தியம், ரெகுலேட்டர் ஸ்க்ரூவைத் திருகுவது. அழுத்தத்தை 45 செ.மீ.க்கு ஏற்றினால், நம் அரை இஞ்ச் லைனில் எல்லா அடுப்பும் எரியும்போது அடுப்படியில் சரியாக 30 கிடைக்கும். மாஸ்டர் மகிழ்ந்துபோவார். இரவு 10 மணிக்கு ஒரே ஒரு காபி அடுப்பு எரியும்போது அதே லைன் அதற்கு 45-ஐ அப்படியே கொடுக்கும். தீ பர்னரை விட்டு எழும்பி இரையும். முழுதாக எரியாத கேஸ், மூடிய சமையலறையில் கார்பன் மோனாக்சைடாகத் தேங்கும்.

சரியான வழி, அழுத்தத்தை இரண்டு கட்டமாகக் குறைப்பது. கேஸ் ரூமில் மேனிஃபோல்டுக்கு அடுத்து முதல் ரெகுலேட்டர். அது சிலிண்டர் அழுத்தத்தைச் சுமார் 1 கிலோவுக்கு, அதாவது 1,000 செ.மீ. நீர் அளவுக்குக் குறைக்கிறது. நீளமான பைப் முழுவதும் கேஸ் அந்த அழுத்தத்தில் வருகிறது. சமையலறைச் சுவரருகே இரண்டாவது ரெகுலேட்டர் அதை 30-க்கு இறக்குகிறது. 1 கிலோ அழுத்தத்தில் கேஸ் பாதி இடத்துக்குள் சுருங்கிவிடுவதால், அதே அரை இஞ்சில் இழப்பு 7 செ.மீ.தான். 30-ல் 15 போவது எங்கே, ஆயிரத்தில் 7 போவது எங்கே! இரண்டாவது ரெகுலேட்டருக்குப் பிறகு வரும் சில மீட்டருக்கு முக்கால் இஞ்ச் போதும். நாளை அடுப்பு சேரும் என்று தோன்றினால் அங்கே ஒரு இஞ்ச் போட்டுவிடலாம்.

இதற்கும் ஒரு விலை உண்டு. அதிக அழுத்த லைனில் ஓட்டை விழுந்தால் அதே நேரத்தில் பல மடங்கு கேஸ் வெளியேறும். அதனால் அந்தப் பகுதியைக் கூடியவரை கட்டடத்துக்கு வெளியே, கண்ணில் படும்படி சுவரோரமாகக் கொண்டுவர வேண்டும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் மறைப்பது அழகாக இருக்கலாம். கசிவு அங்கே யாருக்கும் தெரியாமல் சேரும்.

ரெகுலேட்டர் தவறினால் நடப்பதற்குப் பெரிய சாட்சி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறது. 2018 செப்டம்பர் 13 அன்று லாரன்ஸ் ஊரில் பழைய வார்ப்பிரும்புக் குழாயைக் கைவிட்டுப் புதிய குழாய்க்கு மாறும் வேலை நடந்தது. ரெகுலேட்டர்களுக்கு அழுத்தத்தைத் தெரிவிக்கும் உணர்குழாய்கள் பழைய குழாயிலேயே விடப்பட்டிருந்தன. கைவிட்ட குழாயில் அழுத்தம் இறங்க இறங்க, ‘கேஸ் போதவில்லை’ என்று எடுத்துக்கொண்ட ரெகுலேட்டர்கள் முழுதாகத் திறந்துகொண்டன. லாரன்ஸ், ஆண்டோவர், வடக்கு ஆண்டோவர் ஊர்களில் வீடுகளுக்குள் அழுத்தம் ஏறி, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் தீயிலும் வெடிப்பிலும் சேதமாயின. ஓர் இளைஞர் இறந்தார். ரெகுலேட்டர் உடைந்திருக்கவே இல்லை. தனக்கு வந்த செய்திக்கு ஏற்ப அது சரியாகவே வேலை செய்தது.

ஹோட்டலில் இந்த ஆபத்து சிறிய உருவத்தில் வரும். ரெகுலேட்டரின் சீட்டில் ஒரு துருத்துணுக்கு உட்கார்ந்தாலே அது மூடாமல் நின்றுவிடும். அதற்காகத்தான் ஸ்லாம்ஷட் வால்வு. அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங் விடுபட்டு, வால்வு சட்டென மூடிக்கொள்ளும். ஒருவர் கையால் இழுத்து ரீசெட் செய்யாமல் திறக்காது.

இதே வால்வில் மறுபக்க வேலையும் சேர்ந்து வருவதுண்டு: அழுத்தம் மிகவும் இறங்கினாலும் மூடுவது. இது ஏன் என்று பலர் கேட்பார்கள். சிலிண்டர் தீர்ந்து அடுப்புகள் தானாக அணைகின்றன என்று வையுங்கள். பரபரப்பில் வடைச் சட்டி அடுப்பின் குமிழை யாரும் மூடவில்லை. பையன் ஓடிப்போய் அடுத்த பக்கச் சிலிண்டரைத் திறக்கிறான். தீ இல்லாத பர்னரிலிருந்து கேஸ் பாய்கிறது. வால்வு தாழ்வழுத்தத்தில் மூடியிருந்தால், ரீசெட் செய்யும்வரை எதுவும் வராது. ரீசெட்டுக்கு முன் எல்லாக் குமிழ்களையும் மூடிப் பார்ப்பதே விதி.

குறுகல் பைப் பாதுகாப்பைக் கெடுப்பதும் இங்கேதான். ரெகுலேட்டருக்கு வரும் லைன் சிறியதாக இருந்தால், மதிய நெரிசலில் அழுத்தம் தாழ்ந்து இந்த வால்வு காரணமில்லாமல் மூடும். வாரத்துக்கு நாலு தடவை மூடினால், ஐந்தாவது தடவை யாராவது அதன் ரீசெட் பிடியைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிடுவார்கள். கட்டியவர் மேல் மட்டும் கோபப்பட்டுப் பயனில்லை. லைனை அளந்தவரையும் கேட்க வேண்டும்.

அதிக ஓட்டத்தைத் தடுக்கும் வால்வுக்கும் இதே சிக்கல். பைப் அறுந்து கேஸ் கொட்டினால், ஓட்டத்தின் வேகத்தாலேயே இது மூடிக்கொள்ளும். வால்வுக்குப் பின்னால் உள்ள பைப் மிக நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால், பைப்பே முழுதாக அறுந்தாலும் மூடுவதற்கு வேண்டிய ஓட்டம் உண்டாகாது. வால்வு இருக்கும், வேலை செய்யாது. ஆகவே பைப்பை மாற்றினால் இந்த வால்வையும் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைசி அரண், கேஸ் கசிவை மோந்து பார்க்கும் டிடெக்டரும், அது சொன்னதும் மூடும் மின்சார சொலினாய்டு வால்வும். எல்.பி.ஜி. காற்றை விடக் கனமானது. தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே டிடெக்டர் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் இருக்க வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாறிய ஹோட்டல்களில் கதை தலைகீழ். அது மேலே ஏறும், டிடெக்டரும் கூரையோரம் போக வேண்டும். மாறும்போது டிடெக்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டால் அது தரையையே மோந்துகொண்டிருக்கும்.

சொலினாய்டு, மின்சாரம் இருக்கும்போது மட்டும் திறந்திருக்கும் வகையாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் மூடிக்கொள்ளும், அடுப்புகள் அணையும். ஜெனரேட்டர் எடுத்ததும் தானாகத் திறக்கும் மலிவான வகை, குமிழ் திறந்து கிடக்கும் பர்னர்கள் எல்லாவற்றுக்கும் கேஸ் அனுப்பிவிடும். கையால் ரீசெட் செய்யும் வகை விலை கூடுதல். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மின்சாரம் போய் வந்தால் இது தானாகத் திறக்குமா? சரிபார்க்க கேஸ் மெக்கானிக் தேவையில்லை. கடை மூடும் நேரத்தில், கடைசி அடுப்பு எரியும்போது மெயின் ஸ்விட்சை ஒருமுறை அணைக்க வேண்டும். தீ அணைந்ததும் அடுப்புக் குமிழை மூடிவிட்டு ஸ்விட்சைப் போட வேண்டும். பிறகு கையில் நெருப்போடு அந்தக் குமிழைத் திறந்தால், ரீசெட் செய்யாமல் அடுப்பு பற்றக் கூடாது.